நேருவின் நள்ளிரவுப் பேச்சைச் சொல்லாடல் பகுப்பாய்வு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதழியலும் விஸ்காமும் படிக்கிறவர்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு அரசியல் பேச்சை எடுத்துக்கொண்டு வரும்போது கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பேச்சுதான்: 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு பேசியது. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கே வரிகளின் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்.

சொல்லாடல் பகுப்பாய்வுன்னா என்ன? பேச்சுல அவர் என்ன சொன்னார்னு எழுதினா போதாதா?

போதாது, அது சுருக்கம். பகுப்பாய்வு கேட்பது வேறு: இதே விஷயத்தை வேறு எப்படியெல்லாம் சொல்லியிருக்கலாம், அத்தனை வழி இருக்க ஏன் இந்த வழி, இப்படிச் சொன்னதால் வாக்கியத்தில் யார் முன்னால் வந்தார்கள், யார் காணாமல் போனார்கள்.

ஒரு வரியைப் பாருங்கள். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டுக் கிடந்த ஒரு தேசத்தின் ஆன்மா இப்போது வாய் திறக்கிறது என்கிறார் நேரு. ஒடுக்கியது யார்? வாக்கியத்தில் இல்லை. "ஆங்கிலேயர் நம்மை ஒடுக்கினார்கள்" என்று சொல்ல இலக்கணம் தடுக்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். தேடிப் பார்த்தால், அந்தப் பேச்சின் ஆங்கிலப் பகுதி முழுவதிலும் பிரிட்டன் என்ற பெயரே வராது. ஆட்சி கைமாறுகிற இரவில், ஆட்சியை விட்டுப் போகிறவனின் பெயர் இல்லாத ஒரு பேச்சு. உங்கள் கட்டுரை தொடங்க வேண்டிய இடம் இது மாதிரியான ஒன்று.

எத்தனை தடவை "சுதந்திரம்"னு சொன்னார்னு எண்ணிட்டேன். அது பகுப்பாய்வு ஆகுமா?

எண்ணிக்கை உள்ளடக்கப் பகுப்பாய்வைச் சேர்ந்தது. அது தவறில்லை, நூறு பேச்சுகளை வைத்துக்கொண்டிருந்தால் அதுதான் வழி. இந்தப் பேச்சின் ஆங்கிலப் பகுதியோ ஒரு தாளில் அடங்கிவிடும். இவ்வளவு சின்ன உரையில் ஒரு சொல் ஐந்து முறை வந்ததா ஆறு முறை வந்ததா என்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது. அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். சுதந்திரமும் அதிகாரமும் பொறுப்பைக் கொண்டுவருகின்றன என்ற வரியில் "சுதந்திரம்" தானே எழுவாயாக நிற்கிறது, மனிதர் யாரும் இல்லை. அடுத்த வரியில் அந்தப் பொறுப்பு நேராக அந்தச் சபையின் மேல் போய் உட்காருகிறது. இதைக் கவனிக்க எண்ண வேண்டியதில்லை.

நெட்ல கிடைக்கிற பேச்சையே எடுத்துக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். இணையத்தில் சுற்றுகிற பல பிரதிகளில் இரண்டு உரைகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று ஆகஸ்ட் 14 இரவு சபையில் பேசியது. இன்னொன்று மறுநாள் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்தி, குறித்த நாள் வந்துவிட்டது என்று தொடங்குவது. நடுவில் ஒரு கோடுகூட இருக்காது.

இதனால் என்ன ஆகும்? சபையில், கடந்த காலம் முடிந்துவிட்டது, எதிர்காலம் அழைக்கிறது என்கிறார். பத்திரிகைச் செய்தியில், கடந்த காலம் இன்னும் ஓரளவு நம்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார். ஒட்டிய பிரதியை நம்பிய மாணவர்கள் "ஒரே பேச்சுக்குள் முரண்பாடு, இது நேருவின் ஊசலாட்டம்" என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார்கள். வேறு நாள், வேறு வடிவம், வேறு கேட்பவர்கள் என்று தெரிந்ததும் அந்த வாதம் அப்படியே நிற்காது. இரண்டையும் எடுக்க விரும்பினால் தாராளமாக எடுங்கள், இரண்டு உரைகளாக எடுங்கள்.

இன்னொன்று, இது மேடைப் பேச்சு இல்லை, தீர்மானத்தை முன்மொழிந்த பேச்சு. நள்ளிரவு அடித்ததும் உறுப்பினர்கள் இந்தியாவுக்கும் அதன் மக்களுக்கும் தங்களை அர்ப்பணித்து உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். பல பிரதிகளில் அந்த வால் வெட்டப்பட்டிருக்கும். அது தெரியாவிட்டால் "உறுதிமொழி", "சேவை" என்ற சொற்கள் ஏன் இத்தனை முறை வருகின்றன என்பது புரியாது. அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் ஐந்தாம் தொகுதியில் முழுப் பதிவு இருக்கிறது, அதையே ஆதாரப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரு அன்று முதலில் ஹிந்துஸ்தானியில் பேசிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு வந்தார் என்பதும் அங்கேதான் தெரியும்.

நான் கட்டுரையைத் தமிழ்ல எழுதறேன். தமிழ் மொழிபெயர்ப்பை வெச்சே ஆய்வு பண்ணலாமா?

கூடாது. மொழிபெயர்ப்பை ஆய்ந்தால் மொழிபெயர்த்தவரின் தேர்வுகளைத்தான் ஆய்கிறீர்கள். செயப்பாட்டு வினையைத் தமிழில் வாசிக்க இதமாக இருக்கட்டும் என்று செய்வினையாக மாற்றியிருப்பார், நீங்கள் அதை நேருவின் தலையில் கட்டிவிடுவீர்கள். ஆங்கில வரியை அப்படியே மேற்கோள் காட்டி, கீழே உங்கள் தமிழ் விளக்கத்தைக் கொடுங்கள். தமிழ் தெரிந்திருப்பது வேறொரு விதத்தில் கை கொடுக்கும், அதை "நாம்" பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சரி, பிரதி கையில இருக்கு. முதல்ல என்ன செய்யறது?

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். எண் கொடுங்கள், பிறகு கட்டுரையில் "வாக்கியம் 7" என்று சுட்ட வசதியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே கேள்வி: எழுவாய் யார், வினை என்ன மாதிரியானது, அந்த வினை யார் மேல் விழுகிறது.

இந்தப் பேச்சில் அப்படிப் போட்டுப் பார்த்தால் சீக்கிரமே ஒன்று தட்டுப்படும். வரலாற்றைப் பற்றிய வாக்கியங்களில் எழுவாய் இந்தியா, அதுவும் ஒரு பெண்ணாக. அவள் விழிப்பாள், தேடலைத் தொடங்கினாள், இலட்சியங்களை மறக்கவில்லை, தன்னை மறுபடி கண்டுகொள்கிறாள். இந்த வினைகள் எவற்றுக்கும் எதிராளி தேவையில்லை. விழிக்க யாரையும் அடிக்க வேண்டாம், தன்னைக் கண்டுகொள்ள யாரையும் துரத்த வேண்டாம். அந்நிய ஆட்சிக் காலம் ஒரு "கெட்ட காலம்" ஆகிவிடுகிறது, கெட்ட காலத்தை யாரும் கொண்டுவருவதில்லை, அது வரும், போகும். முதல் பதிலில் பிரிட்டன் பெயர் இல்லை என்று சொன்னேனே, அந்தப் பெயர் எப்படி இல்லாமல் போகிறது என்பதற்கான இலக்கண விளக்கம் இதுதான்: பெயர் தேவைப்படாத வினைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

வேலை, வறுமை, கடமை என்று பேச்சு எதிர்காலத்துக்குத் திரும்பியதும் "நாம்" மேலே வந்துவிடுகிறது. உழைக்க வேண்டும், கட்ட வேண்டும். பழையதை இந்தியாவும் புதியதை நாமும் செய்வதாகப் பேச்சு பிரிகிறது என்பதை அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"நாம்"னு சொல்லி மக்களை ஒன்றிணைக்கிறார்னு எழுதினேன். கைடு "யார் அந்த நாம்?"னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டார்.

சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆங்கிலத் தன்மைப் பன்மை ஒரே சொல், கேட்பவரைச் சேர்த்ததா விட்டதா என்று அது காட்டாது. தமிழ் காட்டும்: சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். அதனால் அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் "நாம்", "நாங்கள்" இரண்டையும் போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறது, எங்கே இரண்டும் பொருந்துகின்றன என்று அட்டவணையில் நான்காவது கட்டம் ஒன்று சேர்த்துக் குறியுங்கள்.

முதல் வரி: நெடுநாள் முன் விதியோடு ஒரு சந்திப்புக்கு வாக்குக் கொடுத்தோம். யார் கொடுத்தது? 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் மாநாடு முழு விடுதலைத் தீர்மானம் போட்டது, 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் அந்த உறுதிமொழி எடுக்கப்பட்டது. இதை மனத்தில் வைத்தால் அந்த "நாங்கள்" காங்கிரஸ்காரர்கள். ஆனால் சபையில் முஸ்லிம் லீக் உறுப்பினர்களும் இருந்தார்கள், தீர்மானத்தை வழிமொழிந்த சௌத்ரி கலீக்குஸ்ஸமானே லீக்காரர்தான். அவருக்கு அந்த வரி "நாமா", "நாங்களா"? கொஞ்சம் தள்ளி, இதுவரை பலமுறை எடுத்த உறுதிமொழிகள், இன்று எடுக்கப்போகும் உறுதிமொழி என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்க்கிறார். முன்னதை எடுத்தது இயக்கம், பின்னதை எடுக்கப்போவது சபை. இரண்டு கூட்டங்களும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன.

கடைசிப் பத்தியை மெதுவாகப் படியுங்கள். இந்திய மக்களுக்கு, அவர்களின் பிரதிநிதிகளாகிய நாங்கள், எங்களோடு சேரும்படி வேண்டுகோள் விடுக்கிறோம். இங்கே "நாம்" போடவே முடியாது, மக்கள் வெளியே நிற்கிறார்கள், உள்ளே வரச்சொல்லி அழைப்பு போகிறது. அடுத்த வாக்கியம்: இது அற்பமான, அழிவுதரும் விமர்சனத்துக்கு நேரமில்லை, பிறரைக் குறைசொல்ல நேரமில்லை. அதற்கடுத்தது: சுதந்திர இந்தியா என்ற மாளிகையை, அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் வாழ, கட்ட வேண்டும். இப்போது "நாம்" அழகாகப் பொருந்துகிறது. நாங்களிலிருந்து நாமுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரே வாக்கியம் விமர்சனத்துக்கான தடை. உள்ளே வா, குறை சொல்லாதே, சேர்ந்து கட்டுவோம். "ஒன்றிணைக்கிறார்" என்று எழுதியதற்குப் பதிலாக, எந்த நிபந்தனையில் ஒன்றிணைக்கிறார் என்று எழுதுங்கள். கைடு திருப்பி அனுப்ப மாட்டார்.

உருவகம் எல்லாம் பட்டியல் போட்டுட்டேன்: தூக்கம், பயணம், பிரசவம், மாளிகை. இதுக்கு மேல என்ன எழுதறது?

நான்கையும் எழுதாதீர்கள், ஒன்றை எடுங்கள். எடுக்க வேண்டியது பிரசவம். சுதந்திரம் பிறக்கும் முன் பேறுகால வலி அத்தனையும் பட்டோம், அந்தத் துயர நினைவில் நெஞ்சு கனக்கிறது, சில வலிகள் இப்போதும் தொடர்கின்றன என்கிறார்.

அன்றிரவு பஞ்சாபில் கொலையும் தீவைப்பும் நடந்துகொண்டிருந்தன. எல்லை எங்கே போகிறது என்பதுகூட வெளியாகவில்லை, ராட்கிளிஃப் வகுத்த கோடு ஆகஸ்ட் 17 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. இந்தப் பின்னணியில் "தொடரும் வலி" அந்த வன்முறையையும் தொட்டுத்தான் செல்கிறது என்று வாசிக்க இடமிருக்கிறது. பிரசவ வலி என்றதும் மூன்று விஷயங்கள் சொல்லாமலே உள்ளே வந்துவிடும்: வலி இயற்கையானது, தவிர்க்க முடியாதது, முடிவில் நல்லது பிறக்கும். கூடவே ஒன்று வெளியே போய்விடும், பிரசவ வலிக்குக் குற்றவாளி கிடையாது. உருவகம் எதை உள்ளே கொண்டுவந்தது, எதை வெளியே தள்ளியது என்ற இந்த இரண்டு வாக்கியம் இருந்தால்தான் அது பகுப்பாய்வு.

சொல்லாததைப் பத்தி எப்படி எழுதறது? சொல்லாதது ஆயிரம் இருக்குமே?

இருக்கும். ரயில்வேயைப் பற்றியும் அவர் சொல்லவில்லை, அது மௌனம் ஆகாது. மௌனம் என்று எழுத, அந்த இடத்தில் அது வந்திருக்கக்கூடியது என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு ஒப்பீட்டு உரை வேண்டும். இங்கே அது கைக்கருகிலேயே இருக்கிறது: மேலே சொன்ன பத்திரிகைச் செய்தி. அரசியல் எல்லைகளால் நம்மிடமிருந்து துண்டிக்கப்பட்ட சகோதர சகோதரிகளையும் நினைக்கிறோம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். சபையில் பேசிய ஆங்கிலப் பகுதியில் அப்படி ஒரு வரி இல்லை. ஆக, அதே ஆள், ஒரு நாள் இடைவெளியில், அதைச் சொல்லத் தெரிந்தவர்தான், ஓரிடத்தில் சொன்னார், இன்னோரிடத்தில் சொல்லவில்லை. இப்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. தேசத்தந்தை என்று அச்செய்தியில் காந்தியைக் குறிப்பதும், சபையில் "நம் தலைமுறையின் மிகப் பெரிய மனிதர்" என்று மட்டும் சொல்லிப் போவதும் இதே மாதிரி வைத்துப் பார்க்கத் தக்கவை.

ஆங்கிலப் பகுதி என்று ஒவ்வொரு முறையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னால் ஹிந்துஸ்தானியில் பேசியதைப் படிக்காமல் "நேரு அன்று இதைச் சொல்லவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

"முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவு" வாக்கை நிறைவேற்றுகிறோம்னு சொல்றாரே, அது பிரிவினையைத்தானே சொல்றது?

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், இருக்கலாம். ஆனால் இன்னொரு வாசிப்பும் அதே அளவு பொருந்துகிறது. 1929-இல் கேட்டது, பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் தன்னாட்சி தருகிற டொமினியன் அந்தஸ்து வேண்டாம், முழு விடுதலை வேண்டும் என்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று சட்டப்படி கிடைத்ததோ டொமினியன் அந்தஸ்து, குடியரசு ஆனது 1950-இல்தான். வாக்கு அதுதான் என்றால், "முழுமையாக இல்லை" என்பது அப்படியே எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுக்கிற மாதிரி வாக்கியம் மொட்டையாக விடப்பட்டிருக்கிறது என்பதையே கண்டுபிடிப்பாக எழுதலாம். பிரிவினையால் நொந்தவரும் அதில் தன் வருத்தத்தைக் கேட்கலாம், டொமினியன் பிடிக்காதவரும் தன் குறையைக் கேட்கலாம்.

நள்ளிரவு அடிக்கிறப்ப, உலகம் தூங்கும்போது, இந்தியா விழிக்கும்னு சொன்னது தப்பு இல்லையா? அப்ப லண்டன்ல சாயங்காலம்தானே?

ஆமாம், லண்டனில் மாலை, நியூயார்க்கில் பிற்பகல். ஆனால் அது செய்திப் பிழை திருத்துகிற வேலை, அதோடு நின்றால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த வரியில் உலகத்தின் கடிகாரம் டெல்லியில் மாட்டியிருக்கிறது என்று எழுதினால் கிடைக்கும். இங்கே இரவென்றால் உலகுக்கே இரவு. அதுவரை நேரத்தைத் தீர்மானித்த ஊர் எது என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பிழைக்கு ஒரு வேலை இருப்பது தெரியும்.

ஃபேர்க்லஃபோட மூணு அடுக்கு கண்டிப்பா போடணுமா? ஊடகம் எங்க வருது இதுல?

நார்மன் ஃபேர்க்லஃபின் மாதிரியில் முதல் அடுக்கு உரை, இரண்டாவது அந்த உரை எப்படி உருவாகி, பரவி, நுகரப்படுகிறது என்பது, மூன்றாவது சமூக நடைமுறை. மூன்று தலைப்புப் போட்டு மூன்று தனி அத்தியாயமாக எழுதினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு கண்டுபிடிப்பை எடுத்து மூன்று அடுக்கிலும் ஏற்றி இறக்குங்கள். மேலே சொன்ன விமர்சனத் தடை வாக்கியத்தையே எடுக்கலாம்: உரையில் அது எங்கே நிற்கிறது, வானொலியில் கேட்டவருக்கும் சபையில் இருந்தவருக்கும் அது எப்படி வேறுபட்டிருக்கும், புதிதாகப் பதவியேற்கிற ஒரு அரசு விமர்சனத்தை எப்படி வரையறுக்கப் பார்க்கிறது.

ஊடகப் படிப்புக்கு இரண்டாவது அடுக்குதான் உங்கள் சொந்த நிலம். ஆகஸ்ட் 15 வந்தால் எந்த வரியை எடுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள், நள்ளிரவு வரிதான். வறுமை, அறியாமை, நோய், வாய்ப்பில் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை ஒழிப்பது பற்றிய வரி எத்தனை இடத்தில் வருகிறது? ஒரு நாளிதழின் சில ஆண்டு சுதந்திர தின இதழ்களை எடுத்து, எந்த வரி தங்கியது, எது உதிர்ந்தது என்று நீங்களே தொகுத்தால் அது யாரும் குறை சொல்ல முடியாத தரவு.

நேரு வேணும்னே மறைச்சார்னு முடிக்கலாமா?

முடிக்கக் கூடாது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு இந்த உரை சாட்சி சொல்லாது. "மறைத்தார்" என்பது நோக்கம் பற்றிய கூற்று, அதற்குக் கடிதங்கள், வரைவுகள் வேண்டும். "இந்த அமைப்பில் செய்தவர் தெரிவதில்லை" என்பது உரை பற்றிய கூற்று, அதை அட்டவணையிலிருந்தே காட்டலாம். கட்டுரையில் "நேரு விரும்பினார்", "நேரு நினைத்தார்" என்று வருகிற இடங்களையெல்லாம் தேடி எடுத்து, "இவ்வாக்கியம் செய்வது" என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். மாற்ற முடியாதது எல்லாம் ஊகம்.

உங்களுக்கு நேருவைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதும் இங்கேதான் கசியும். பிடித்தவர்கள் பிரசவ உருவகத்தை அழகு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், பிடிக்காதவர்கள் அதே உருவகத்தை ஏமாற்று என்கிறார்கள், இரண்டு பேருமே வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பேச்சு போதுமா? வைவால "இதை வெச்சு எப்படிச் சொல்றே?"னு கேட்டா?

ஒரு பேச்சை வைத்து அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லலாம், நேருவின் மொழி என்றோ இந்திய அரசியல் மொழி என்றோ சொல்ல முடியாது. தலைப்பிலேயே அந்த எல்லையைப் போட்டுவிடுங்கள், பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

இடம் இருந்தால் இரண்டாவதாக ஒன்றைச் சேருங்கள், நெருங்கிய வடிவத்தில். 1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் முகமது அலி ஜின்னா பேசியது நன்றாகப் பொருந்தும், மூன்றே நாள் வித்தியாசம், அதுவும் புதிதாகப் பிறக்கிற நாட்டின் சபை. அங்கே பெயர் பெற்ற வரியில் எழுவாய் "நீங்கள்": நீங்கள் சுதந்திரமானவர்கள், உங்கள் கோயில்களுக்குப் போகலாம், மசூதிகளுக்குப் போகலாம். ஒருவர் உரிமையைக் கையில் கொடுக்கிறார், மற்றவர் கடமைக்கு அழைக்கிறார், இரண்டும் முன்னிலையிலும் தன்மையிலும் பதிந்திருக்கின்றன. ஆனால் ஜின்னாவின் பேச்சு முழுக்க "நீங்கள்" இல்லை, "நாம்" என்று மாறுகிற இடங்களும் உண்டு. அந்த இடங்களையும் அதே அட்டவணையில் போட்ட பிறகே இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.